இடுப்பில் எண்ணெய் தேக்குதல்

பாலக்காட்டுப் பக்கத்து ஆயுர்வேத மையம் ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, சேலத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எண்ணெய் மேசையின் அருகே மயங்கிச் சரிந்தார். உடல் வியர்த்திருந்தது, கை நடுங்கியது. வைத்தியர் ஓடி வந்து சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அம்மாள் தெளிந்தார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர் அவர். அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டவர் எதுவும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டபோது, கைப்பையிலிருந்து மையத்தின் தமிழ் அட்டையை எடுத்து அதில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினார். “வஸ்தின்னு போட்டிருக்கே. வஸ்தின்னா வெறும் வயித்துல தானே வரணும்?”

அவருடைய கேள்வியில் தவறில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் வேறோர் இடத்தில் பஞ்சகர்மம் செய்துகொண்டபோது கஷாய வஸ்தி கொடுத்திருக்கிறார்கள். ஆசனவாய் வழியாகக் கஷாயத்தைச் செலுத்தும் அந்த முறை வெறும் வயிற்றில்தான் செய்யப்படும். அம்மாளுக்கு அந்த நினைவு இருந்தது. ஆனால் அன்று அவருக்குச் செய்யவிருந்தது கடிவஸ்தி. இடுப்பின் பின்புறத்தில் மாவினால் ஒரு வளையம் கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெயைத் தேக்கி வைப்பார்கள், அவ்வளவே. அதற்கும் வெறும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லை.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அந்த மையத்தின் மேலாளர் தமிழ் அட்டையைத் திருத்தித்தர ஆள் தேடினார். ஐதராபாத்தில் மொழிபெயர்ப்பியலில் ஆய்வு செய்துவரும் ஒரு மாணவிக்கு, அவருடைய ஆசிரியர் வழியாக அந்த வேலை வந்தது. திருநெல்வேலிக்காரரான அவர், பதினான்கு சேவைகளைப் பற்றிய இரண்டு பக்க அட்டைதானே, ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று எண்ணினார். முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தின் பெரும்பகுதியைத் தின்றது கடிவஸ்தி என்ற ஒரே ஒரு பதிவு.

பழைய அட்டையில் அந்தப் பதிவு இப்படி இருந்தது: “கடி வஸ்தி. கீழ் முதுகின் பதற்றத்தை விடுவிக்கும் பாரம்பரிய சிகிச்சை. வெதுவெதுப்பான மூலிகை எண்ணெயின் குளம் உங்கள் முதுகில் தக்கவைக்கப்படுகிறது. வாதத்தைச் சமன்செய்து குணப்படுத்துகிறது. கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. ஒரே பாலினச் சிகிச்சையாளர்கள். 45 நிமிடங்கள்.” ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் இருந்தது. எதுவும் விடுபடவில்லை. தேர்வுத் தாளாக இருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். அதைத் திருநெல்வேலியிலிருக்கும் தம் அத்தைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார் அந்த மாணவி. அத்தை முதல் சொல்லிலேயே நிறுத்தினார்: “ஏட்டி, இடுப்ப யாரு கடிக்கப் போறா?”

சிக்கல் எழுத்திலேயே தொடங்குகிறது. இடுப்பைக் குறிக்கும் வடசொல்லைத் தமிழில் எழுதினால் ‘கடி’ என்று வரும். தமிழ் வாசகருக்கு அது பல்லால் கடிப்பதைத்தான் நினைவூட்டும். தேவநாகரியில் இந்தக் குழப்பம் எழ வாய்ப்பில்லை. இரண்டாம் பாதியான ‘வஸ்தி’ இன்னும் சிக்கலானது. அதன் மூலப்பொருள் சிறுநீர்ப்பை. பழங்காலத்தில் விலங்கின் சிறுநீர்ப்பையைப் பதப்படுத்திக் குழாய் பொருத்தி மருந்தைச் செலுத்தப் பயன்படுத்தியதால், கருவியின் பெயரே அந்தச் செயலுக்கும் ஆகிவந்தது. கடிவஸ்தியில் செலுத்துதல் என்பதே இல்லை. நீர்மத்தைத் தாங்கி நிற்கும் கலம் என்ற பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இதை அறிந்த வைத்தியருக்கு அந்தப் பெயரில் குழப்பமில்லை. அறியாத வாசகருக்கும் பெரிய தீங்கில்லை. அவர் அதை வெறும் ஒலியாகக் கடந்துவிடுவார். பாதி அறிந்த சேலத்து அம்மாளைத்தான் அந்தச் சொல் ஏமாற்றியது. அப்படிப் பாதி அறிந்தவர்களே அத்தகைய மையங்களுக்குப் பெரும்பாலும் வருகிறார்கள்.

அப்படியானால் அதற்கு என்ன பெயரிடுவது? மாணவிக்கு முதலில் சித்த மருத்துவம் நினைவுக்கு வந்தது. புற மருத்துவ முறைகளுக்குத் தமிழிலேயே பெயர்கள் இருக்கின்றன: தொக்கணம், ஒற்றடம், பற்று, பொட்டணம். எண்ணெய் தேய்ப்பதைத் தொக்கணம் என்றே எழுதிவிடலாமே என்று ஒரு வரைவு செய்தார். பிறகு அவரே அதை அடித்துவிட்டார். தொக்கணம் சித்த மருத்துவத்துக்குரிய கலைச்சொல். அதை ஆயுர்வேத மையத்தின் அட்டையில் போட்டால், அங்கே சித்த மருத்துவம் செய்கிறார்கள் என்று அறிந்தவர் எண்ணுவார். அறியாதவருக்கோ ஒன்றும் புரியாது. ஒற்றடம் அப்படியன்று. அது மருத்துவ நூலிலும் இருக்கிறது, அடுப்படியிலும் இருக்கிறது. எனவே ஒற்றடத்தை வைத்துக்கொண்டார், தொக்கணத்தை விட்டுவிட்டார்.

ஒற்றடம் உடனே கைகொடுத்த இடம் ‘இலக்கிழி’ என்ற பதிவு. மலையாளத்தில் கிழி என்பது துணியில் கட்டிய முடிப்பு. மருந்திலைகளை வதக்கித் துணியில் முடிந்து, எண்ணெயில் சூடாக்கி உடலில் ஒற்றி எடுப்பதே இலக்கிழி. பழந்தமிழிலும் அதே பொருள் உண்டு. பொற்கிழி என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் பழைய அட்டையிலிருந்த ‘இலை கிழி சிகிச்சை’யைப் பார்த்தால், யாரோ இலையைக் கிழிப்பதாகவே எண்ணுவார். சொல்லின் வரலாறு தெரிந்த மாணவிக்கு அந்தக் கிழியைக் காப்பாற்ற ஆசை இருந்தது. ஆனாலும் ‘இலைப் பொட்டலத்தால் ஒற்றடம்’ என்று எழுதினார். மேசையில் படுக்கப் போகிறவருக்குப் பொற்கிழி நினைவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது அவருடைய முடிவு.

கடிவஸ்திக்குப் பெயரிடுவதற்கு முன், அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவர் பாலக்காட்டுக்கே சென்றார். உளுந்து மாவை நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, நீளமாக உருட்டி, குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பில் வட்டமாக வைத்து, ஓரங்களைத் தோலோடு அழுத்தி ஒட்டினார்கள். வெந்நீருக்கு மேல் வைத்துச் சூடாக்கிய தைலத்தைச் சிறிது சிறிதாக உள்ளே ஊற்றினார்கள். எண்ணெய் ஆறியதும் பஞ்சால் ஒற்றிப் பிழிந்து எடுத்துவிட்டு, மீண்டும் சூடானதை ஊற்றினார்கள். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. ஒருமுறை மாவின் ஓரம் விட்டு எண்ணெய் விலாப்புறம் வழிந்தது. பணிப்பெண் விரலால் மாவை அழுத்தி அடைத்தார். மாணவி தம் குறிப்பேட்டில் இரண்டு வினைச்சொற்களை மட்டும் எழுதினார்: கட்டுதல், தேக்குதல். வயலுக்கு வரப்புக் கட்டி நீரைத் தேக்குவது போன்ற செயல் அது. ‘தக்கவைக்கப்படுகிறது’ என்ற பழைய சொல் அலுவலகக் கோப்பிலிருந்து வந்தது. ‘தேக்குதல்’ அந்தச் செயலிலிருந்தே வந்தது. பெயர் கிடைத்துவிட்டது: இடுப்பில் எண்ணெய் தேக்குதல்.

கடிவஸ்தி என்ற பெயரை அவர் அறவே நீக்கிவிடவில்லை. வைத்தியர் எழுதும் சீட்டிலும் பணம் கட்டிய இரசீதிலும் அந்தப் பெயரே இருக்கும். அட்டையில் அது இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று வந்தவருக்குத் தெரியாமல் போகும். எனவே தமிழ்ப் பெயரைத் தலைப்பில் பெரிதாகவும், அதன் கீழே ‘ஆயுர்வேதப் பெயர்: கடிவஸ்தி’ என்று சிறிதாகவும் அமைத்தார். இரு சொற்களையும் சேர்த்தே எழுதினார். இடைவெளி விட்டால் ‘கடி’ தனியே நின்று பல்லைக் காட்டும்.

அடுத்த சிக்கல் வாதம். ஆங்கில மூலம் நோய் எதையும் குறிப்பிடவில்லை. இடுப்பின் இறுக்கத்தையும் களைப்பையும் பற்றிச் சொல்லிவிட்டு, வாதத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும் என்று ஆயுர்வேத வழக்கப்படி ஒரு தொடரைச் சேர்த்திருந்தது. அங்கே வாதம் என்பது வாத, பித்த, கபம் எனும் மூன்றில் ஒன்று. ஆனால் தமிழ் வீடுகளில் வாதம் என்றால் நோய்: கைகால் விழுந்துவிடும் பக்கவாதம், மூட்டுகளை முடக்கும் முடக்குவாதம். ‘வாதத்தைச் சமன்செய்து குணப்படுத்துகிறது’ என்று படிக்கும் முதியவர் தம் கால் மீண்டும் நடக்கும் என்றே நம்புவார். பழைய மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லை அதே எழுத்துகளில் இன்னொரு மொழிக்குள் விட்டார், அவ்வளவே. அந்தச் சொல்லுக்கு அங்கே ஏற்கெனவே வேறு வேலை இருந்தது. அதோடு ‘குணப்படுத்துகிறது’ என்பதை அவரே சேர்த்திருந்தார். ‘சமன்செய்து’ என்று மட்டும் நிறுத்தினால் தொடர் முடியாததுபோல் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இது நடைப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. மருந்துகள், மந்திர நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க இந்தியாவில் 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள நோய்களை ஒரு மருந்து கண்டறியும், குணப்படுத்தும், தணிக்கும், தடுக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. பக்கவாதம், முடக்குவாதம், நீரிழிவு, உடற்பருமன் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. விளம்பரம் என்ற சொல்லுக்குள் அறிவிப்பு, சுற்றறிக்கை, சீட்டு, பிற ஆவணம் ஆகியவற்றையும் சட்டம் அடக்குகிறது. வரவேற்பறையில் வைக்கும் அட்டை அதற்கு வெளியே நிற்கும் என்று சொல்ல முடியாது. முதன்முறை குற்றம் உறுதியானால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆங்கில அட்டையில் இல்லாத அந்த இடர், தமிழ் அட்டையில் மட்டும் மொழிபெயர்ப்பின் வழியாக நுழைந்திருந்தது.

மேலாளர் ஒரு சமாதானம் சொன்னார். ‘குணப்படுத்துகிறது’ என்பதை ‘உதவக்கூடும்’ என்று மாற்றிவிட்டால் போதாதா என்றார். மாணவி அதை ஏற்கவில்லை. சட்டம் குணப்படுத்துவதை மட்டுமன்றித் தணிப்பதையும் தடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. நோயின் பெயர் நிற்கும் வரை வினைச்சொல்லை மென்மையாக்கிப் பயனில்லை. எனவே வாதம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ‘இடுப்பின் இறுக்கம் தளர உதவக்கூடும்’ என்று மட்டும் எழுதினார். ‘சிகிச்சை’யையும் பெரும்பாலான இடங்களில் நீக்கினார். ஆங்கிலத்தில் முகத்துக்குப் பூச்சுப் போடுவதும் அந்தச் சொல்லின் கீழ் வரும். தமிழில் சிகிச்சை என்றால் நோய்க்குச் செய்வது. வைத்தியர் பார்த்து, சீட்டெழுதிச் செய்யும் பஞ்சகர்மப் பதிவுகளுக்கு மட்டும் அந்தச் சொல்லை விட்டுவைத்தார்.

‘கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை’ என்ற தொடர் இலக்கணப்படி சரியானது. ஆனால் அது என்ன சொல்கிறது என்று அத்தையிடம் கேட்டபோது வந்த விடை இது: “டாக்டர் எழுதிக் குடுக்கல, நாமளா கேட்டாச் செய்வாங்க போல.” ஆங்கிலத்தில் அந்தத் தொடர் நாகரிகமான முறையில் செய்யும் தடை. தமிழில் ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்பது நடந்துமுடிந்த ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோல் ஒலிக்கிறது; தடை காணாமல் போகிறது. உடலுக்குத் தீங்கு வரக்கூடிய இடத்தில் மரியாதையைவிடத் தெளிவு முதன்மையானது என்று கருதி, ‘கர்ப்பிணிகள் இதைச் செய்துகொள்ளக் கூடாது’ என்று எழுதினார். காய்ச்சல் உள்ளவர்களும் இடுப்புப் பகுதித் தோலில் புண் உள்ளவர்களும் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டு அடுத்த வரியில் சேர்த்தார்.

‘மூலிகை எண்ணெய்’ என்பதும் அதேபோல் ஒன்றை மறைத்தது. கடிவஸ்திக்கு அங்கே பெரும்பாலும் தன்வந்தரம் தைலம் பயன்படுத்துகிறார்கள். மூலிகை எத்தனை இருந்தாலும் அதன் அடிப்படை நல்லெண்ணெய். எள் ஒவ்வாத ஒருவர் ‘மூலிகை’ என்ற சொல்லைப் பார்த்து எப்படி எச்சரிக்கை கொள்வார்? ‘நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலம்’ என்று எழுதியதும், மணமிக்க மர்மம் ஒன்று போய் அடுப்படிப் பொருள் ஒன்று வந்தது. மேலாளருக்கு அது பிடிக்கவில்லை, வைத்தியருக்குப் பிடித்திருந்தது.

எஞ்சியது ‘ஒரே பாலினச் சிகிச்சையாளர்கள்’. பெண்களுக்குப் பெண்களும் ஆண்களுக்கு ஆண்களும் செய்வார்கள் என்று சொல்லவே ஆங்கிலத்தில் அந்தத் தொடர் இருந்தது. தமிழில் ‘ஒரே பாலின’ என்ற அடை பணியாளர்களின் பாலியல் நாட்டத்தைச் சொல்வதாகப் படிக்க இடம் தருகிறது. சில விருந்தினர்கள் வரவேற்பறையில் அதைக் காட்டிச் சிரித்ததுண்டு; சிலர் சிரிக்காமல் எழுந்து போனதும் உண்டு. எண்ணெய் தேய்க்கும் நிலையங்களைப் பற்றி ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஐயத்துக்கு நடுவே, முன்பின் தெரியாதவர் முன் ஆடை களைய வேண்டிய ஒருவருக்கு அந்த வரி எல்லாவற்றையும்விட முக்கியமானது. ‘பெண்களுக்குப் பெண்களே செய்வார்கள், ஆண்களுக்கு ஆண்களே’ என்று மாற்றினார். அதே காரணத்தால் அட்டையின் முகப்பில் இருந்த ‘உடல் சுகம்’ என்ற தொடரையும், ‘இன்பத்தில் திளையுங்கள்’ என்ற அழைப்பையும் எடுத்துவிட்டார். நலம் குறித்த ஆங்கிலச் சொல்லுக்கு நலம் என்றே தமிழில் இருக்கிறது. சுகம் என்பது உடலுடன் சேரும்போது வேறு தெருவுக்கு வழிகாட்டிவிடுகிறது.

புதிய பதிவு இப்படி அமைந்தது: “இடுப்பில் எண்ணெய் தேக்குதல். ஆயுர்வேதப் பெயர்: கடிவஸ்தி. இது எனிமா அன்று. நீங்கள் குப்புறப் படுத்திருப்பீர்கள். இடுப்பின் பின்புறத்தில் உளுந்து மாவால் வளையம் கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெய் ஊற்றுவார்கள். ஆறிய எண்ணெயை எடுத்துவிட்டு மீண்டும் சூடானதை ஊற்றுவார்கள். எண்ணெய் அரை மணி நேரம் தேங்கியிருக்கும். மொத்தம் 45 நிமிடம். சூடு தாங்கவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலம் இது. எள் ஒவ்வாதவர்கள் முன்பே தெரிவியுங்கள். இடுப்பின் இறுக்கம் தளர உதவக்கூடும். கர்ப்பிணிகள் செய்துகொள்ளக் கூடாது. காய்ச்சலோ, இடுப்புத் தோலில் புண்ணோ இருந்தால் முதலில் வைத்தியரைப் பாருங்கள். பெண்களுக்குப் பெண்களே செய்வார்கள், ஆண்களுக்கு ஆண்களே.”

பழைய பதிவைவிட இது மூன்று மடங்கு நீளம். அட்டையில் இடமில்லை என்று மேலாளர் தயங்கினார். பாரம்பரியம், பண்டைய ஞானம், தெய்விக அனுபவம் என்று பதினான்கு பதிவுகளிலும் திரும்பத் திரும்ப வந்த அடைமொழிகளை நீக்கிக் காட்டினார் மாணவி. பாதி இடம் அதிலேயே கிடைத்தது. மீதிப் பாதிக்காக மேலாளர் ஒரு பக்கத்தைக் கூட்ட ஒப்புக்கொண்டார்.

அச்சுக்குப் போகும் முன் மாணவி மீண்டும் அத்தையை அழைத்து முழுப் பதிவையும் வாசித்தார். ஆங்கில மூலத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் அந்தத் தமிழை மட்டும் கேட்டுவிட்டு, மேசையில் என்ன நடக்கும் என்று தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சோதனை. அத்தை மாவையும் எண்ணெயையும் வரிசை பிசகாமல் சொன்னார், எச்சரிக்கைகளையும் சொன்னார். மாணவி மகிழ்ந்துபோய் அழைப்பை முடிக்கப் போகையில் அத்தை கேட்டார்: “எல்லாஞ் சரிட்டி. காலைல சாப்ட்டுட்டுப் போணுமா, சும்மா போணுமா?”

மாணவி பதில் சொல்லாமல் நின்றுவிட்டார். சேலத்து அம்மாள் மயங்கியதற்குக் காரணமே அதுதான். இந்த வேலையே அதனால்தான் வந்தது. அவர் ஒரு மாதமாகச் சொற்களைத் தோண்டிக்கொண்டிருந்தார். உணவைப் பற்றிய வரி மட்டும் பதிவில் இல்லை. ஆங்கில மூலத்தில் அது இல்லாததால், மூலத்தோடு ஒப்பிட்ட எந்தச் சரிபார்ப்பிலும் அது அகப்படவில்லை. அன்று மாலை வைத்தியரிடம் கேட்டு, ‘எனிமா அன்று’ என்பதை அடுத்து ஒரு வரியைச் சேர்த்தார்: “வெறும் வயிற்றில் வர வேண்டாம், ஒரு மணி நேரம் முன்பு இலேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் உணவைத் தவிர்க்கக் கூடாது.”

மேலாளருக்கு அந்த வரி பிடித்துப்போயிற்று. தமிழிலிருந்து அதை ஆங்கில அட்டைக்கும் மலையாள அட்டைக்கும் மொழிபெயர்த்துச் சேர்க்கச் சொன்னார்.